புதுப்பிப்பு: இதயப் படத்தைக் குரலில் சொன்ன விதம்

முன்பு நான் கேட்டிருந்தது: "பத்தாம் வகுப்பு அறிவியலில் சுற்றோட்டப் பாடத்தை பார்வையில்லாத தம்பிக்காக வாசிச்சுப் பதிவு செய்றேன். இதயப் படம் வர்ற இடத்துல என்ன சொல்லணும்?"

படத்தைச் சுருக்கி, "படம் காண்க" என்று தாண்டிவிடலாம் என்றார் ஒருவர். நிறங்களையும் சொல்லுங்க என்றார் இன்னொருவர். அது பாதி சரி. சிவப்பு, நீலம் என்று மட்டும் சொன்னால் தம்பிக்கு எதுவும் கிடைக்காது, எது ஆக்ஸிஜன் மிகுந்த ரத்தம், எது குறைந்தது என்பதுதான் வேண்டும்.

தீர்வு தந்தது நாகர்கோவில் பக்கம் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்து ஓய்வுபெற்ற டீச்சர். "மக்கா, படத்துல இதயத்தோட வலது பக்கம் தாளோட இடது பக்கம் இருக்கும். தாளை மறந்துட்டு உடம்போட வலதையே சொல்லு" என்றார்.

அதனால் ரத்தம் போகும் வழியிலேயே வாசித்தேன்: பெருஞ்சிரைகள், வலது ஆரிக்கிள், மூவிதழ் வால்வு, வலது வென்ட்ரிக்கிள், நுரையீரல் தமனி, நுரையீரல். திரும்ப வந்து இடது ஆரிக்கிள், இடது வென்ட்ரிக்கிள், பெருந்தமனி. உடல் முழுக்கத் தள்ள வேண்டியிருப்பதால் இடது வென்ட்ரிக்கிள் சுவர் தடிப்பு அதிகம் என்பதையும் சேர்த்தேன். விவரிப்புக்கு முன் "படம் தொடங்குகிறது", பின் "படம் முடிந்தது", அப்புறம் பக்க எண். படத்துக்குத் தனிக் கோப்பு.

கேட்டுவிட்டு அந்த வழியைத் தம்பி தானே திரும்பச் சொன்னான், நுரையீரல் தமனியில் மட்டும் நின்றான். தமனி என்றால் நல்ல ரத்தம்தானே அக்கா என்கிறான். நுரையீரல் தமனியில் போவது ஆக்ஸிஜன் குறைந்த ரத்தம் என்ற விதிவிலக்கைப் படத்துக்குள் சொல்வதா, தனியாகவா? இன்னும் முடிவு செய்யவில்லை.