பாடகர் பல்லவியில், வரிகள் சரணத்தில்

ராத்திரி ஷிப்ட்: ஒரு பழைய தமிழ்ப் பாட்டை எம்பி3-ஆக வைத்திருக்கிறேன். வரிகளுக்காக ஒரு .lrc கோப்பைத் தேடிப் பிடித்துப் போட்டேன். பாடகர் வாயைத் திறக்கும் முன்பே முதல் வரி வந்து போய்விடுகிறது. கடிகாரம் பார்த்தேன், 7 விநாடி வித்தியாசம். பெயர், படம், பாடகர் எல்லாம் சரி. இதே பாட்டு ஸ்ட்ரீமிங் ஆப்பில் இருக்கிறது, அங்கே வரிகளே இல்லை. யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

மேசைத் தபலா: எனக்கு வாரம் ஒரு முறை ஆகிறது. கோப்பின் முதல் வரியில் `[offset:+7000]` என்று போடுங்கள், வேலை முடிந்தது. மில்லி விநாடிக் கணக்கு.

ராத்திரி ஷிப்ட்: போட்டேன். இப்போது 14 விநாடி முன்னால் ஓடுகிறது!

வானொலிப் பிரியை: தபலா, குறி தலைகீழ். கூட்டல் போட்டால் வரிகள் முன்னாடி வரும், கழித்தல் போட்டால்தான் தாமதிக்கும். சில பிளேயர்கள் அந்த வரியைக் கண்டுகொள்வதே இல்லை. அதனால் நான் அதை நம்புவதை விட்டுவிட்டேன்.

ஷிப்ட், எதையும் மாற்றும் முன் மூன்று இடத்தில் கேட்டுப் பாருங்கள்: பல்லவியின் தொடக்கம், முதல் சரணம், கடைசிச் சரணம். கோப்பில் இருக்கும் நேரம் என்ன, காதில் விழும் நேரம் என்ன என்று எழுதிக் காட்டுங்கள்.

கேசட் காலம்: வீடியோவில் நடிகரின் உதடு ஒட்டாததைச் சொல்கிறீர்களா? எனக்கும் அந்தத் தொல்லை உண்டு.

ராத்திரி ஷிப்ட்: இல்லை சார், திரையில் ஓடும் வரிகள். பிரியை கேட்ட கணக்கு இதோ. பல்லவி: கோப்பில் 0:20, காதில் 0:27. முதல் சரணம்: 2:10, 2:17. இரண்டாம் சரணம்: 3:05, 3:23. கடைசியில் மட்டும் 18 ஆகிவிட்டதே!

வானொலிப் பிரியை: அங்கேதான் விஷயம் இருக்கிறது. உங்களிடம் இருப்பது இசைத்தட்டு வடிவம்போல. கோப்பை எழுதியவர் படத்தில் வந்த காட்சியைக் கேட்டு எழுதியிருப்பார். படத்துக்காக முன்னிசையில் 7 விநாடியும், இரண்டாவது இடையிசையில் இன்னொரு 11 விநாடியும் வெட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஒரே எண்ணை வைத்து இதைச் சரிசெய்ய முடியாது. இரண்டாம் இடையிசை வரை உள்ள எல்லா வரிக்கும் 7 கூட்டுங்கள், அதற்குப் பிறகு 18. offset வரியை எடுத்துவிடுங்கள். இப்படி வரும்:

```
[00:27.00]பல்லவி
[02:17.00]முதல் சரணம்
[03:23.00]இரண்டாம் சரணம்
```

சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாக நிற்கும். கோப்பின் பெயரும் பாட்டின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும், ஒரே ஃபோல்டரில்.

கேசட் காலம்: அப்படியானால் என் கதை வேறு. கேசட்டில் இருந்து நானே பதிவு செய்த பாட்டு. தொடக்கத்தில் ஒட்டுகிறது, போகப்போக வரிகள் பின்தங்கி, கடைசியில் 9 விநாடி தாமதம். எந்த இடத்திலும் குதிக்கவில்லை, மெதுவாக நழுவுகிறது.

வானொலிப் பிரியை: உங்கள் டேப் வேகமாக ஓடியிருக்கிறது. பாட்டின் நீளம் எவ்வளவு?

கேசட் காலம்: என்னிடம் 3:50. மற்ற இடங்களில் 4:00 என்று காட்டுகிறது.

வானொலிப் பிரியை: 240 விநாடிப் பாட்டு 230-இல் முடிகிறது. வரிகளைத் தொடாதீர்கள், பாட்டைச் சரிசெய்யுங்கள். ஆடாசிட்டியில் வேகத்தை மாற்றும் வசதி இருக்கிறது, நீளத்தை 4:00 ஆக்குங்கள். சுருதியும் இறங்கி இயல்புக்கு வரும். இத்தனை நாள் பாடகி கொஞ்சம் கீச்சென்று பாடியதாகத் தோன்றியிருக்குமே?

கேசட் காலம்: தோன்றியது. வயது குறைவு என்று நினைத்தேன்.

மேசைத் தபலா: சரி, ஸ்ட்ரீமிங் ஆப்பில் வரிகளே இல்லாததற்கு வழி? என் கணிப்பு, தமிழை அவர்கள் மதிப்பதில்லை.

வானொலிப் பிரியை: அதுவும் இருக்கலாம். ஆனால் பல ஆப்கள் வரிகளை வேறொரு நிறுவனத்திடம் வாங்குகின்றன; ஆப்பில் நம் கை எட்டாது. கோப்பாக வைத்திருக்கும் பாட்டுக்கு LRCLIB என்ற திறந்த களஞ்சியம் உண்டு. பெயர், பாடகர், ஆல்பம், நீளம் நான்கையும் வைத்துப் பொருத்தும், நீளத்தில் 2 விநாடிக்கு மேல் முன்பின் ஆனால் பொருத்தாமல் விட்டுவிடும். நம் பாட்டுகள் விழும் இடம் பாடகர் பெயர்தான். ஒருவர் இசையமைப்பாளரைப் போடுவார், இன்னொருவர் பாடியவரைப் போடுவார். ஆங்கில எழுத்தில் ழ-வுக்கு ஆளுக்கொரு எழுத்து வேறு. டேக்கை மாற்றித் தேடினாலே எனக்குப் பாதி கிடைத்துவிடும்.

ராத்திரி ஷிப்ட்: 7-ம் 18-ம் கூட்டினேன், ஒட்டிக்கொண்டது. இடையில் கோரஸும் பாடகரும் ஒன்றாகப் பாடும் இடத்தில் மட்டும் யாருடைய வரியைக் காட்டுவது என்று தெரியாமல் இருவரையும் ஒரே வரியில் போட்டிருக்கிறேன், கண்ணுக்கு நன்றாக இல்லை. அப்புறம், இதைக் களஞ்சியத்தில் ஏற்றினால் படக் காட்சியின் ஆடியோ வைத்திருப்பவருக்குத் தவறாகிவிடாதா?

வானொலிப் பிரியை: உங்கள் பாட்டின் நீளத்தோடு ஏற்றுங்கள், அதற்குத் தனிப் பதிவாக நிற்கும். கோரஸ் விஷயத்தில் நானும் இன்னும் தடுமாறிக்கொண்டுதான் இருக்கிறேன்.

மேசைத் தபலா: அடைப்புக்குறிக்குள் போடலாமே?

ராத்திரி ஷிப்ட்: போட்டுப் பார்த்தேன். என் ஃபோனில் இரண்டு வரியாக உடைகிறது.