60 பிள்ளைகள், 14 புத்தகம்: மூலைக்கு மூலை சுழலும் வகுப்பு எடுத்தவர்கள் சொல்லுங்கள்

ஏழாம் வகுப்பு அறிவியல் டீச்சர்:
புத்தகம் முழுசாக வந்து சேராத ஜூன் மாதம். இரண்டு பிரிவையும் ஒரே அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். பாடம் அளவீட்டியல். பயிற்சியில் தந்த திட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டேன். கிராஃப் தாளில் இலையின் பரப்பு ஒரு மூலை, அளவு உருளையில் கல்லின் கன அளவு ஒரு மூலை, அடர்த்திக் கணக்கு ஒன்று, புத்தகம் ஒன்று. மூலைக்கு 15 பேர், எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை மணி.

அடர்த்தியில் தொடங்கிய குழுவின் கல்லில் ‘52 கிராம்’ என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருந்தது. அதைக் கன அளவால் வகுக்க வேண்டும். அந்தக் கன அளவோ அவர்கள் இன்னும் போகாத மூலையில் இருக்கிறது. பாதிப் பேர் பக்கத்துக் குழுவின் விடையை எட்டிப் பார்த்து எழுதிவிட்டார்கள். ஒரு பையன் மட்டும் கல்லோடு எழுந்து போய், அடுத்த குழுவின் உருளையில் முக்கிவிட்டான். “ஒரே ஒரு முக்கு மிஸ், 40 மில்லி 60 ஆச்சு, அப்போ 20!” அங்கே அடிதடி. தண்ணீர் கவிழ்ந்து பக்கத்து பெஞ்சில் இருந்த நான்கு புத்தகம் நனைந்தது. 52ஐ 20ஆல் வகுத்து 2.6 என்று சரியாகப் போட்டவன் அவன் ஒருவன்தான். வெளியே நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினேன். அது இன்னும் உறுத்துகிறது.

தொடக்கப்பள்ளி ஆசிரியை:
செயல்வழிக் கற்றல் என்று ஏபிஎல் நடந்த காலத்தில் நாங்கள் பார்க்காததா? அட்டை, ஏணி, தரையில் வட்டம். என் வகுப்பில் ஒரு சிறுமி யானை அட்டையை விடவே மாட்டாள், அதை முடித்தும் மறுபடி அதையே எடுப்பாள். மணி அடித்து விரட்டாதீர்கள், அவரவர் வேகத்தில் போகட்டும்.

கணக்கு வாத்தியார்:
மேடம், ஏபிஎல் வேறு, இது வேறு. அங்கே பிள்ளைக்குப் பிள்ளை அட்டை இருந்தது. இங்கே ஒரு உருளையைச் சுற்றி 15 பேர். மூன்று பேர் செய்வார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.

நான் எட்டாம் வகுப்பில் செய்தபோது நான்கு வேலையையும் இரண்டு இரண்டு செட்டாக வைத்தேன். எட்டுக் குழு, குழுவுக்கு ஏழெட்டுப் பேர். இருந்த புத்தகம் இரண்டு புத்தகக் குழுவுக்கும் பாதி பாதியாகப் போனது. பெஞ்சுகளுக்கு நடுவில் நடக்க வழியில்லாததால் பிள்ளைகள் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்கள், தட்டுதான் கைமாறியது. ஒரு பீரியடில் இரண்டு சுற்று, மறுநாள் மீதி இரண்டு. 45 நிமிடத்தில் நான்கையும் முடிக்கலாம் என்பதை நான் நம்புவதில்லை. மணி அடித்ததும் பாதிக் கணக்கை விட்டுவிட்டு ஓடுவதுதான் நடக்கும்.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்:
தண்ணீர்த் தட்டைக் கைமாற்றினால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா சார்? என் பள்ளியில் ஒருமுறை வருகைப் பதிவேடே நனைந்தது. அதற்குமேல் சொல்ல வேண்டாம்.

டீச்சருக்கு ஒன்று சொல்கிறேன், கேட்காவிட்டாலும். எந்தக் குழு எங்கே தொடங்கினாலும் வேலை நடக்க வேண்டும், அதுதான் முதல் சோதனை. ஒரு மூலையின் விடை இன்னொரு மூலைக்குத் தேவைப்பட்டால் அது சுழற்சிக்கு ஆகாது. அடர்த்தி மூலையில் நிறை, கன அளவு இரண்டையும் அட்டையில் எழுதி வைத்துவிடுங்கள். தண்ணீர் வராந்தாவில், புத்தகம் எதிர்ச்சுவர் ஓரம். நீங்கள் தண்ணீர்ப் பக்கம் நில்லுங்கள், மற்ற மூன்றும் ஆசிரியர் இல்லாமல் ஓட வேண்டும். புத்தக மூலையில் ‘படித்து எழுதுக’ என்று போட்டால் பத்தியை அப்படியே இறக்கி வைப்பார்கள். ‘இந்தப் பக்கத்துக் கணக்கில் எண்ணை மாற்றி உன் பக்கத்தில் இருப்பவனுக்குக் கொடு’ என்று போடுங்கள். அப்போது புத்தகத்தைத் திறந்தே ஆக வேண்டும். பழைய புத்தகம் கிடைத்தால் பாடம் பாடமாகப் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம். ஒரு புத்தகம் நாலு பேருக்கு ஆகும்.

பி.எட். மாணவி:
எனக்குக் கற்பித்தல் பயிற்சியில் இலை மூலைதான் கவிழ்ந்தது. ஒரு குழு இலை பாதிக்கு மேல் மறைத்த கட்டத்தை ஒன்று என்று எண்ணியது, இன்னொரு குழு முக்கால் என்று எண்ணியது. ஒரே இலைக்கு இரண்டு பரப்பு. பாதிக்கு மேல் இருந்தால் ஒன்றுதானே?

கணக்கு வாத்தியார்:
முக்கால். பாதிக்குக் குறைந்ததைக் கால் என்று சேர்க்க வேண்டும்.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்:
நாங்கள் பாதிக்கு மேல் இருந்தால் ஒன்று, குறைந்தால் விட்டுவிடு என்றுதான் சொல்லிக்கொடுத்தோம். பெரிய இலையாக இருந்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் வரும். எது என்பதை அட்டையில் எழுதி வையுங்கள், சண்டை வராது.

ஏழாம் வகுப்பு அறிவியல் டீச்சர்:
அட்டை யோசனை சரிதான் சார், அடுத்த பாடத்துக்கு அப்படித்தான் எழுதுகிறேன். ஆனால் கன அளவையும் எழுதிக் கொடுத்துவிட்டால், அந்தப் பையன் எதற்கு எழுந்து போவான்?