சீக்கன்ட் மெத்தட்: நாண் முறையா, வெட்டுக்கோட்டு முறையா?

மாலதி: வணக்கம். தவணைக் கடன் கணிப்பான் ஒன்றின் உதவிப் பக்கத்தைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். கடன் தொகை, மாதத் தவணை, மாதங்கள் ஆகிய மூன்றையும் கொடுத்தால் அது மாத வட்டி வீதத்தைச் சொல்லும். அது கையாளும் ‘சீக்கன்ட் மெத்தட்’ என்பதற்கு ‘நாண் முறை’ என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

ரஷீத்: இதற்கு முறை எதற்கு அக்கா? ஒரு லட்சம் கடன், மாதம் 9,333.33 வீதம் 12 தவணை என்றால் கட்டுவது 1,12,000. வட்டி 12,000, அதாவது மாதம் 1%. வகுத்தால் முடிந்தது.

கணபதி: ரஷீத் தம்பி, கடன்காரர் ஆண்டு முழுக்க ஒரு லட்சத்தையும் கையில் வைத்திருந்தால்தான் அது 1%. முதல் தவணையிலிருந்தே அசல் குறைகிறதே. நிலுவைக்கு மட்டும் வட்டி போட்டால் இந்த வீதம் என்ன என்பதே கேள்வி. A மாதத் தவணை, P கடன் தொகை, i மாத வட்டி வீதம், n மாதங்கள் என்றால் தவணைக்கான சூத்திரம் இது:

```
A = P*i / (1 - (1+i)^-n)
```

இதில் i-ஐ மட்டும் ஒரு பக்கமாகப் பிரித்தெடுக்க வழியில்லை. அதனால் இரண்டு வீதங்களை ஊகித்து நெருங்குகிறோம். 1% என்றால் தவணை 8,884.88 வரும், நமக்கு வேண்டியதைவிட 448.45 குறைவு. 2% என்றால் 9,455.96, இது 122.63 கூடுதல். இந்த இரண்டு புள்ளிகள் வழியாக ஒரு நேர்கோடு போட்டு, வித்தியாசம் சுழியாகும் இடத்தைப் பார்த்தால் 1.7853%. அங்கே தவணை 9,331.70, ஏறத்தாழ 1.63 ரூபாய்தான் குறைகிறது. இனி 1%-ஐ விட்டுவிட்டு 2%, 1.7853% இரண்டையும் வைத்து மறுபடி கோடு போட்டால் 1.7881%. விடை அதுதான். 12-ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 21.46%.

சரவணன்: சீக்கன்ட் என்றால் கொசைனின் தலைகீழ். முக்கோணவியல் சொல்லை ஏன் பெயர்க்க வேண்டும்? அப்படியே வைக்கலாம்.

கணபதி: சொல் ஒன்றுதான், ஆனால் இங்கே கொசைனுக்கு வேலையில்லை. வளைவரையை இரு புள்ளிகளில் வெட்டும் கோடுதான் இங்கே சீக்கன்ட். பள்ளிப் புத்தகத்தில் தொடுகோட்டுக்கு அடுத்துப் படித்த வெட்டுக்கோடு அது. ‘சீக்கன்ட்’ என்றே விட்டால் படிப்பவர் உங்களைப் போலவே கோணத்தைத் தேடுவார்.

மாலதி: அந்த இரு புள்ளிகளை இணைப்பது நாண்தானே ஐயா? சொல்லும் சின்னது.

சரவணன்: அதுவும் சரி. புது மதிப்பு எப்போதும் இரு ஊகங்களுக்கு நடுவில்தான் விழும். ஆகவே நாண் போதும்.

கணபதி: இரண்டு ஊகங்களும் விடைக்கு இருபுறமும் இருந்தால்தான் நடுவில் விழும். 1%, 1.5% என்று தொடங்கிப் பாருங்கள். 1.5%-க்குத் தவணை 9,168. கோட்டை நீட்டினால் 1.79% வரும், இரண்டுக்கும் வெளியே. நாண் புள்ளிகளோடு நின்றுவிடும். வெட்டுக்கோடு அப்பாலும் போகும். எப்போதும் இருபுறப் புள்ளிகளையே பிடித்துவைக்கும் வேறொரு முறை உண்டு, ‘நாண் முறை’யை அதற்கு விட்டுவைக்கலாம். என் ஓட்டு ‘வெட்டுக்கோட்டு முறை’க்கு.

மாலதி: சரி, மாற்றிவிடுகிறேன். நிரலில் இன்னொரு சிக்கல். பகுதியை ஒழிக்க இரு பக்கத்தையும் பெருக்கி இப்படி எழுதியிருக்கிறார்கள்:

```
g(i) = P*i - A*(1 - (1+i)^-n)
```

சில கடன்களுக்கு வட்டி 0% என்று வருகிறது.

கணபதி: வரத்தான் செய்யும். பெருக்கியதும் i = 0 எந்தக் கடனுக்கும் ஒரு விடையாகிவிடுகிறது. ரஷீத் சொன்ன கடனையே 0.1%, 0.2% என்று தொடங்கினால் அடுத்த மதிப்பு -0.015% அளவில் விழுந்து, சுழியை நோக்கியே போகும். பெருக்காத வடிவத்தையே வையுங்கள். அதில் i = 0 கொடுத்தால் சுழியைச் சுழியால் வகுக்க நேரும் என்பதால், A×n-உம் P-உம் சமமா என்று முதலிலேயே பார்த்து 0% என்று சொல்லிவிட வேண்டும். இடையில் தவணையைப் பைசாவுக்கு முழுமையாக்கவும் கூடாது. கடைசிச் சுற்றுகளில் இரு வித்தியாசங்களும் ஒன்றாகி, வகுஎண் சுழியாகிவிடும்.

ரஷீத்: என் கடனில் முதல் தவணையைப் பணம் தரும்போதே பிடித்துக்கொண்டார்கள். அதே 1.7881%தானா?

கணபதி: இல்லை. உங்கள் கைக்கு வந்தது 90,666.67, மீதி 11 தவணை. P-யையும் n-ஐயும் அப்படி மாற்றிப் போட்டால் சுமார் 2.13%.

சரவணன்: ‘இட்டரேஷன்’ பாக்கியிருக்கிறது. ‘மடக்கு’ எனலாமா?

மாலதி: மடக்கு என்றால் நிரலில் லூப் ஆயிற்றே. கணபதி ஐயா இயல்பாகச் ‘சுற்று’ என்றாரே, அது எனக்குப் பிடிக்கிறது.

சரவணன்: ‘மூன்றாம் சுற்று’ சரி. ‘இட்டரேட்டிவ் மெத்தட்’ என்பதைச் ‘சுற்று முறை’ என்றால் சுற்றி வளைத்துப் போவதுபோல் இருக்கிறது. நான் ‘மீள்நெருக்க முறை’ என்பேன்.

கணபதி: எண்ணுவதற்குச் சுற்று இருக்கட்டும். முறையின் பெயருக்கு எனக்கு இன்னும் எதுவும் உட்காரவில்லை.