ஒன்பது பிள்ளைகள் எந்தப் பஸ்ஸிலும் அடங்கவில்லை, யோசனை வேண்டும்

எங்கள் பள்ளிக்கு மூன்று பஸ்கள், ஒவ்வொன்றிலும் 40 சீட். 19 நிறுத்தங்களில் 112 பிள்ளைகள். யாரும் பஸ்ஸில் 50 நிமிடத்துக்கு மேல் உட்காரக் கூடாது என்பது நிபந்தனை.

முதலில் பக்கத்துப் பக்கத்து நிறுத்தங்களாகச் சேர்த்து ஒவ்வொரு பஸ்ஸாக நிரப்பினேன். இரண்டு பஸ் அழகாக நிரம்பின. மூன்றாவதுக்கு ஊரின் நாலு மூலையிலும் மிஞ்சியவை விழுந்து, முதல் நிறுத்தத்தில் ஏறும் பிள்ளைக்கு 70 நிமிடம் ஆனது.

அப்புறம் முறையை மாற்றினேன். வெவ்வேறு திசையில் உள்ள மூன்று தூர நிறுத்தங்களைப் பஸ்ஸுக்கு ஒன்றாக வைத்துவிட்டு, மற்றவற்றை எந்தப் பஸ்ஸுக்குக் குறைந்த நிமிடம் கூடுகிறதோ அதில் சேர்த்தேன். எல்லாம் 50-க்குள் வந்தது. ஆனால் கடைசியாக ஒன்பது பிள்ளைகள் ஏறும் ஒரு நிறுத்தம் நின்றுவிட்டது. காலி சீட் 7, 6, 4. மொத்தம் 17 இருந்தும் ஒரே பஸ்ஸில் இடமில்லை!

முதல் பஸ்ஸிலிருந்து இரண்டு பிள்ளைகள் ஏறும் நிறுத்தத்தை இரண்டாவதுக்கு மாற்றினால் ஒன்பது பேரும் முதல் பஸ்ஸில் அடங்குவார்கள். ஆனால் அந்தச் சுற்றால் இரண்டாவது பஸ் 54 நிமிடமாகிறது. ஏழு, இரண்டு எனப் பிரித்தால் நேரம் சரி, ஆனால் ஒரே இடத்தில் இரண்டு பஸ் நிற்கும். சின்னப் பிள்ளைகள் மாறி ஏறிவிடுவார்களோ என்று பயம்.

இப்படிப் பிரித்து ஓட்டியவர்கள் உண்டா? இல்லை, பெரிய நிறுத்தங்களை முதலிலேயே வைத்துவிட்டுச் சின்னவற்றால் நிரப்புவதுதான் வழியா?