போனஸ் மாதத்தில் நிகர ஊதியம் குறைவாக வந்தால்: நீங்கள் பார்த்த தவறுகளைப் பகிருங்கள்

கேள்வி:
மாதச் சம்பளம் 40,000. ஒன்பதாம் மாதம் 60,000 போனஸ் சேர்ந்தது. சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பில் தொழிலாளி பங்கு 8%, நிறுவனப் பங்கு 12%, பங்களிப்புக்கான உச்சவரம்பு மாதம் 50,000 என்று வைத்துக்கொள்வோம். பிடித்தம் 8,000 காட்டுகிறது. 4,000 தானே வரவேண்டும்?

வரவேட்டுக்காரர்:
இரண்டும் சரியாக இருக்கலாம். உச்சவரம்பு எதற்கு என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மாதத்துக்கு மாதம் தனித்தனியாக என்றால், அந்த மாதம் வந்த 1,00,000இல் 50,000 மட்டுமே கணக்கில் வரும். தொழிலாளி பங்கு 4,000, நிறுவனப் பங்கு 6,000. வருடத்துக்கு மொத்தமாக 6,00,000 என்றால் கதை வேறு. எட்டு மாதத்தில் 3,20,000 ஆகியிருக்கிறது, இதையும் சேர்த்தால் 4,20,000. வரம்பைத் தொடவில்லை, அதனால் முழு 1,00,000க்கும் 8,000 பிடிக்கும், நிறுவனம் 12,000 கட்டும்.

வருட முடிவில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். மாத வரம்பில் தொழிலாளி பங்கு 39,200, வருட வரம்பில் 43,200. உங்கள் மென்பொருள் வருட முறையில் ஓடுகிறது. சட்டம் எந்த முறையைச் சொல்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மென்பொருளைக் குறை சொல்ல வேண்டும்.

புதிய கணக்கர்:
எப்படியும் 20% நம் சம்பளத்திலிருந்துதான் போகிறது. ஆக 1,00,000இல் 20,000 கழித்து 80,000 கையில் வரும்.

வரவேட்டுக்காரர்:
பாதி சரி. நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவைப் பேசும்போது 12% அதில் உண்டு. அந்த மாதம் செலவு 1,12,000. ஆனால் நிகர ஊதியத்தில் கழிவது தொழிலாளி பங்கு மட்டுமே. வேலைக்குச் சேரும்போது நிறுவனப் பங்கையும் உள்ளடக்கிய தொகையைச் சொல்லியிருந்தால், அதைப் பிரித்து எடுத்த பிறகு மிஞ்சுவதுதான் மொத்தச் சம்பளம். அந்தப் பிரிப்பைச் செய்துவிட்டு மறுபடி 12% கழித்தால் இரட்டைப் பிடித்தம். சம்பளச் சீட்டில் நிறுவனப் பங்கு பிடித்தங்களின் கூட்டலுக்குள் வந்திருந்தால் இந்தத் தவறுதான் நடந்திருக்கிறது.

வரியையும் மறக்காதீர்கள். பங்களிப்பைக் கழித்த பிறகு வரி போடும் விதி என்றால், 10% வரியில் 92,000க்கு 9,200 வரி, கையில் 82,800. மொத்தச் சம்பளத்தின் மேலேயே வரி என்றால் 82,000. கழிக்கும் வரிசை மாறினால் 800 மாறும்.

எக்செல் பிரியர்:
வருட முறைக்கு நிறைய பேர் `MIN(சம்பளம், வரம்பு)` என்று எழுதி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அது மாத முறைக்கான சூத்திரம். வருடத்துக்கு இது:

```
=MIN(B2+C2, D2) - MIN(B2, D2)
```

B2இல் முந்தைய மாதம் வரையிலான கூட்டல், C2இல் இந்த மாதம், D2இல் வருட வரம்பு. இரண்டாவது MIN இல்லாமல் வெறும் B2ஐக் கழித்தால், வரம்பைத் தாண்டிய மாதங்களில் எண் எதிர்மறையாகப் போய், பிடித்தம் சம்பளத்தில் கூடிவிடும். இன்னொன்று: B2இல் இந்த மாதச் சம்பளத்தையும் கூட்டிவிட்டால், வரம்பை எட்டும் மாதத்தில் பிடித்தம் குறைந்து வரும். கண்டுபிடிக்க வழி, வருடம் தொடங்கியதிலிருந்து பங்களிப்புக்கு உட்பட்ட தொகையை விகிதத்தால் பெருக்கி, இதுவரை பிடித்த தொகையோடு ஒப்பிடுவது. முழுமையாக்கலால் வரும் சில்லறை வித்தியாசம் மட்டுமே இருக்க வேண்டும்.

விமலா:
எனக்கு வேறு பிரச்சினை. வருட நடுவில் வேறு நிறுவனத்துக்கு மாறிவிட்டேன். பழைய இடத்திலேயே வருட வரம்பை எட்டிவிட்டேன், புது இடத்தில் மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து பிடிக்கிறார்கள். போனஸும் இல்லை.

வரவேட்டுக்காரர்:
தலைப்பு வேறு என்றாலும் நல்ல கேள்வி. அமெரிக்காவில் இதுதான் வழக்கம். அங்கே 6.2% இரு தரப்பிலும், 2025இல் வருட வரம்பு 1,76,100 டாலர். புது நிறுவனம் பழைய நிறுவனத்தின் கூட்டலை எடுத்துக்கொள்வதில்லை. தொழிலாளி அதிகம் கட்டியதை வருமான வரிக் கணக்கில் திரும்பக் கேட்கலாம். புது நிறுவனம் கட்டிய பங்கு அதற்குத் திரும்பாது. உங்கள் நாட்டில் எப்படி என்று தெரியாமல் சொல்ல முடியாது. பழைய இடத்தின் கடைசிச் சம்பளச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

எக்செல் பிரியர்:
ஜெர்மனியில் போனஸுக்கு மூன்றாவது முறை ஒன்று உண்டு: மாத வரம்பையே அந்த மாதம் வரை கூட்டிக்கொண்டு வருவார்கள். கேள்வியில் உள்ள எண்களுக்கு ஒன்பதாம் மாதம் 4,50,000 வரம்பு, சம்பளம் 3,60,000, மிச்சம் 90,000. போனஸ் 60,000 முழுதும் உள்ளே. அதையே நான்காம் மாதம் கொடுத்திருந்தால் 40,000க்கு மட்டும்தான் பங்களிப்பு.

கேள்வி:
அப்படியானால் போன மூன்று மாத அரியரை இப்போது சேர்த்துக் கொடுத்தால்? கொடுத்த மாதத்திலா, அந்தந்த மாதத்திலா?

புதிய கணக்கர்:
கொடுத்த மாதத்தில்தான்.

வரவேட்டுக்காரர்:
எல்லா இடத்திலும் அப்படி இல்லை. மாத வரம்பு உள்ள இடத்தில் அந்தந்த மாதத்துக்குப் பிரித்துப் போட்டால் பங்களிப்பு கூடவும் வாய்ப்புண்டு, ஏனெனில் ஒவ்வொரு மாதத்திலும் வரம்புக்குள் இடம் இருக்கும். மேலே சொன்ன 40,000 சம்பளக்காரருக்கு மாதம் 5,000 வீதம் 15,000 அரியர் என்றால், பிரித்தால் முழுதுக்கும் பிடிக்கும், ஒரே மாதத்தில் போட்டால் 10,000க்கு மட்டும். எந்த நாடு என்று சொல்லுங்கள், விதியைப் பார்ப்போம்.