கொள்ளிடக்கரைப் படம்: ஒட்டியதில் எங்கே பொய்?

கொள்ளிடக்கரையான்: வெள்ளத்தின்போது நான் எடுத்த படத்தைப் பொய் என்கிறார்கள். அதிகாரி கை நீட்டியதும் உண்மை, விவசாயி அழுததும் உண்மை, இடையே பத்து விநாடிதான். இரண்டையும் ஒட்டியதில் எங்கே பொய்?

ஐயாறன்: அந்தக் கை எதை நோக்கி நீண்டது? மணல் மூட்டை லாரியை நோக்கி என்று நீங்களே சென்ற வாரம் எழுதினீர்கள். ஒட்டிய படத்திலோ அவர் அழுகிற மனிதரை விரட்டுகிறார். அந்த விரட்டல் எந்த விநாடியிலும் நடக்கவில்லை.

2003 மார்ச்சில் இராக்கின் பாஸ்ரா அருகே பத்திரிகைப் புகைப்படக்காரர் பிரையன் வால்ஸ்கி செய்ததும் இதுவே. ஒரு படத்தில் பிரிட்டிஷ் சிப்பாயின் கையசைவு எடுப்பாக இருந்தது. சற்று முன்பின்னாக எடுத்த மற்றொன்றில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்றவர் நன்றாக அமைந்திருந்தார். இரண்டையும் இணைத்து அனுப்பியதை லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் வெளியிட்டது. பின்னணியில் உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் இரண்டு முறை தெரிவதை ஹார்ட்ஃபோர்ட் கூரன்ட் நாளிதழில் ஒருவர் கவனித்தார். வால்ஸ்கி ஒப்புக்கொண்டார், வேலை போயிற்று.

மாயவரத்தான்: ஆக, ஒட்டுவேலை சரியில்லாததால் மாட்டிக்கொண்டார். பின்னணியைச் சுத்தமாக நீக்கியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

ஐயாறன்: மாட்டியதற்குக் காரணம் அது என்பது சரி. ஆனால் வேலை போனது ஆட்கள் இரட்டித்ததற்காக அன்று, நிகழாத கணத்தைச் செய்தி என்று கொடுத்ததற்காக. ஒட்டு எவ்வளவு சுத்தமோ, தவறு அவ்வளவு பெரிது. அதனால்தான் சந்தேகம் வந்தால் படத்தை உற்றுப் பார்ப்பதோடு நிறுத்தாமல், கேமராவின் மூலக் கோப்பையும் அதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் கேட்பார்கள்.

குடந்தை ஸ்டுடியோ: இருபது ஆண்டாகக் கல்யாண ஆல்பம் செய்கிறேன். வர முடியாத மாமாவைக் குடும்பப் படத்தில் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். நானும் குற்றவாளியா, ஐயா?

ஐயாறன்: அந்த ஆல்பத்தைக் காட்டி மாமா முகூர்த்தத்துக்கு வந்தார் என்று யாரும் வழக்குப் போடுவதில்லையே. வெள்ளப் படத்தை வைத்து ஓர் அதிகாரிமேல் விசாரணையே வரலாம்.

மாயவரத்தான்: 'இணைக்கப்பட்ட படம்' என்று அடியில் எழுதிவிட்டால் போதாதா?

ஐயாறன்: விளக்கப்படமாக வெளியிட்டால் எழுதலாம். சான்றாக வெளியிட்டால் போதாது. வாட்ஸ்அப்பில் முதலில் உதிர்வது அந்த வரிதான்.

கொள்ளிடக்கரையான்: கையும் உண்மை, கண்ணீரும் உண்மை. அதற்கு இன்னும் பதில் வரவில்லை. மழையில் நனையாமல் மேசையில் உட்கார்ந்து படம் திருத்தியவர் களத்தில் நின்றவனுக்குப் பாடம் எடுக்கிறார்.

ஐயாறன்: மேசைக்காரன்தான். போன ஆண்டு உங்கள் வயல் படத்தைத் திருப்பி அனுப்பியவனும் நான்தான், அந்தக் கோபம் தெரிகிறது. அந்த இரண்டு மூலக் கோப்புகளையும் இங்கே ஏற்றுங்கள்; கை யாரை நோக்கியது என்று எல்லோரும் பார்க்கட்டும்.

கொள்ளிடக்கரையான்: கார்டை அழித்துவிட்டேன். கையும் உண்மை, கண்ணீரும் உண்மை.

குடந்தை ஸ்டுடியோ: அழித்த கார்டில் மீட்டுத் தர என்னிடம் மென்பொருள் இருக்கிறது, தம்பி. கடை இரவு எட்டு வரை.