மூணு ஏஜிவி, ஆறு ஓட்டுநர்: போட்ட காசு எப்போ திரும்பும்?

பிறை குணா
பத்து காவான்ல எங்க ஸ்டோர். 6 ஃபோர்க்லிஃப்ட், ரெண்டு ஷிஃப்ட். ஓட்டுநர் இல்லாம தானா ஓடி பேலட் எடுக்குற ஏஜிவி வண்டி 3 வாங்கினா 6 ஓட்டுநர் குறையும், ரெண்டு வருஷத்துல காசு திரும்பிடும்னு விக்கிறவர் சொல்றார். பாஸ் கையெழுத்துப் போடத் தயார். இந்தக் கணக்க நம்பலாமா?

மணி (ஷா ஆலம்)
தாராளமா நம்பலாம் அண்ணே. ஏஜிவிக்கு ஓ.டி கிடையாது, எம்.சி கிடையாது, தீபாவளிக்கு லீவு கிடையாது. குறைந்தபட்ச சம்பளமே இப்ப 1,700 வெள்ளி, அனுபவமுள்ள ஓட்டுநர் அந்தச் சம்பளத்துக்கு வரமாட்டார். விபத்துப் பேச்சே இருக்காது, ஆள் குறுக்கே வந்தா தானா நிக்கும். எங்க இடத்துல ஒரு வருஷமா ஓடுது, ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்ல.

சேகர், பட்டர்வொர்த்
நான் 22 வருஷமா ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறேன். குணா, கையெழுத்துப் போடவிடாதீங்க. சாயங்காலம் நாலு மணிக்கு ரெண்டு கண்டெய்னர் ஒண்ணா வந்து நிக்கும். ஒண்ணுல பேலட் உடைஞ்சிருக்கும், இன்னொண்ணுல சரக்கு சரிஞ்சிருக்கும். நான் இறங்கி, பலகையைத் தட்டி, முள்ளை ரெண்டு இஞ்ச் உள்ள தள்ளி எடுத்துடுவேன். உங்க மெஷின் அந்த இடத்துல லைட்ட மினுக்கிட்டு நிக்கும். அந்த நேரம் அதுக்குப் பின்னாடி நாலு வண்டி காத்துக்கிடக்கும்.

கலாவதி, கப்பாளா பத்தாஸ்
எனக்குச் சின்ன மளிகை ஸ்டோர், ஒரே ஒரு ஃபோர்க்லிஃப்ட். ஓட்டுற தம்பி அடுத்த மாசம் நின்னுக்கிறாராம். ஒரு நாளைக்கு 30 பேலட் வரும். நானும் ஏஜிவி பாக்கலாமா?

தயா (பாயான் லெப்பாஸ்)
கலாக்கா, உங்களுக்கு வேண்டாம். 30 பேலட்டுக்கு, சரக்கு ரொம்ப உயரம் ஏறலைன்னா, ஆள் நடந்துகிட்டே ஓட்டுற பேட்டரி ஸ்டேக்கர் போதும். அதை ஒரு வாரத்துல வேற ஆளுக்குப் பழக்கிடலாம். குணா கேட்டது வேற கேள்வி.

குணா, கணக்குப் போட நாலு விஷயம் வேணும். உற்பத்தி லைன் முடியுற இடத்துலேர்ந்து ரேக் வரைக்கும் எத்தனை மீட்டர்? மணிக்கு எத்தனை பேலட், கூட்டமான நேரத்துல எத்தனை? ஓட்டுநர் ஒருத்தருக்கு ஓ.டி, ஈ.பி.எஃப், சொக்சோ எல்லாம் சேத்து மாசம் எவ்வளவு? ஃபோர்க்லிஃப்ட் சொந்தமா, வாடகையா?

பிறை குணா
120 மீட்டர். சாதாரணமா மணிக்கு 18 பேலட், சாயங்காலம் 4லேர்ந்து 6 வரைக்கும் 35. ஆளுக்கு மாசம் 3,500 வெள்ளி. எல்லாம் வாடகை வண்டி, ஒண்ணுக்கு 1,800. மூணு ஏஜிவிக்கும் சேத்து 540,000 வெள்ளி கேக்குறார். அந்த 120 மீட்டர் வழியில இப்ப 3 ஃபோர்க்லிஃப்ட் ஓடுது, மத்த மூணு லோரிகிட்டயும் ரேக்கிலயும் இருக்கு.

தயா (பாயான் லெப்பாஸ்)
விக்கிறவர் கணக்கு புரியுது. 6 ஆள், மாசம் 3,500, வருஷத்துக்கு 252,000. 540,000ஐ அதால வகுத்தா ரெண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல வரும். வகுத்தல் சரி. ஆறு ஆள் குறையுதா என்கிறதுதான் தப்பு.

ஒரு நடையைப் பாருங்க. போக வர 240 மீட்டர். காகிதத்துல ஏஜிவி வேகம் விநாடிக்கு 1.2 மீட்டர்னு போட்டிருப்பாங்க. வளைவு, மெதுவாகி நின்னு கிளம்புறது எல்லாம் சேத்தா சராசரி 0.8 தான் கிடைக்கும், அப்படின்னா அஞ்சு நிமிஷம். தூக்கவும் வைக்கவும் ஒன்றரை நிமிஷம். குறுக்கே ஆளும் வண்டியும் வந்து காத்திருக்க ஒரு நிமிஷம் வைங்க. ஏழரை நிமிஷத்துக்கு ஒரு நடை, அதாவது மணிக்கு 8 பேலட். மூணு வண்டி சேந்து 24, சார்ஜுக்குப் போற நேரத்தைக் கழிச்சா ஏறக்குறைய 20.

18க்கு 20 போதும். 35க்குப் போதாது. சாயங்காலம் மிச்சம் 15 பேலட்டை எடுக்க அந்த வழியில ஒரு ஃபோர்க்லிஃப்ட் இருந்தே ஆகணும். அப்ப போறது மூணு வண்டி இல்ல, ரெண்டு. ரெண்டு ஷிஃப்டுக்கும் சேத்து 4 ஓட்டுநர்.

4 ஆளுக்கு வருஷம் 168,000. ரெண்டு வண்டி வாடகை 43,200 மிச்சமாகும். ஏஜிவி பராமரிப்பு, மென்பொருள் ஒப்பந்தத்துக்கு வருஷம் 45,000 கழிங்க. கையில நிக்கிறது 166,200. போட்ட காசும் 540,000 இல்ல. தரை வெடிப்பை அடைக்கணும், வைஃபை அறுந்து போற இடத்துல புதுசா வைக்கணும், ஸ்டோர் கணினியோட இணைக்கணும். இதுக்கு நான் 100,000 சேக்குறேன். 640,000ஐ 166,200ஆல வகுத்தா நாலு வருஷத்துக்குக் கிட்ட. உங்க கம்பெனி மூணு ஷிஃப்ட் ஓடினா 6 ஓட்டுநர் உண்மையிலேயே குறையும், அதே காசு ரெண்டரை வருஷத்துல திரும்பும். ஏஜிவி வேணுமா வேணாமான்னு முடிவு பண்றது பெரும்பாலும் ஷிஃப்ட் எண்ணிக்கைதான்.

மணி (ஷா ஆலம்)
தயா அண்ணே, ஒண்ணு விட்டுட்டீங்க. ராத்திரி ஷிஃப்ட்ல கண்டெய்னர் கூட்டம் இல்ல. அங்க மூணாவது வண்டியும் வேணாம். 5 ஓட்டுநர் குறையும், மூணு வருஷத்துல முடிஞ்சிடும்.

தயா (பாயான் லெப்பாஸ்)
அது நியாயம் மணி, ஏத்துக்கிறேன். ராத்திரில அந்த ஓட்டுநர் வேற எதுவும் செய்யலைன்னா 5தான்.

ஆனா விபத்துப் பேச்சே இருக்காதுன்னு சொன்னதை ஏத்துக்க முடியல. ஆள் வர்றதைப் பாக்குற ஏஜிவியோட ஸ்கேனர் தரையிலேர்ந்து ஒரு சாண் உயரத்துல இருக்கு. அந்த மட்டத்துல ஒரு தகடு மாதிரிதான் பாக்கும், மேலேயும் கீழேயும் தெரியாது. ஆளோட காலு தெரியும், நிப்பாட்டிடும், அதுல குறை சொல்ல மாட்டேன். நான் முன்னாடி வேலை பாத்த இடத்துல ஒரு ஃபோர்க்லிஃப்ட் முள்ளை இடுப்பு உயரத்துல தூக்கி வச்சிட்டு, ஓட்டுநர் டி.ஓ கையெழுத்து வாங்கப் போயிட்டார். வண்டி உடம்பு ஓரமா இருந்துச்சு, முள்ளு மட்டும் ஒரு மீட்டருக்கு வழியில நீட்டிக்கிட்டு இருந்துச்சு. ஏஜிவிக்கு அந்த வழி காலியாத்தான் தெரிஞ்சுது. நேரா போச்சு, அது சுமந்த சரக்கோட மேல் அடுக்கு அட்டைப்பெட்டியை முள்ளு கிழிச்சுது. அங்க ஒரு ஆள் நின்னிருந்தா என்ன ஆகியிருக்கும்னு இப்பவும் நினைச்சுப் பாக்குறேன்.

ஏஜிவி தனியா ஓடுற வழி ரொம்பப் பாதுகாப்பு. ஃபோர்க்லிஃப்டும் அதுவும் கலந்து ஓடுற வழியிலதான் ஆபத்து. நம்ம கணக்குப்படி சாயங்காலம் ரெண்டும் கலக்குது, கூட்டமும் அப்பதான்.

சேகர், பட்டர்வொர்த்
இதத்தான் நான் வேற மாதிரி சொல்ல வந்தேன் தயா. ஃபோர்க்லிஃப்டும் ஒண்ணும் குழந்தை இல்ல. சுமையைத் தூக்கிட்டு வளைவுல வேகமா திருப்பினா சாஞ்சிடும், பெல்ட் போடாதவன் குதிக்கப் பாத்து வண்டிக்கு அடியில மாட்டுவான். நானே கண்ணால பாத்திருக்கேன். அதனால ஓட்டுநர்னா பத்திரம்னு சொல்ல மாட்டேன்.

பிறை குணா
அப்ப நாங்க வழிய எப்படிப் பிரிக்கிறது? எங்க வழி 3 மீட்டர் அகலம், ரேக் ரெண்டு பக்கமும்.

தயா (பாயான் லெப்பாஸ்)
ஐஎஸ்ஓ 3691-4ல வண்டிக்கு ரெண்டு பக்கமும் அரை மீட்டர் இடைவெளி கேக்குறாங்க. வண்டியும் சுமையும் சேந்து 1.2 மீட்டர்னா, அரை அரை மீட்டர் விட்டா 2.2. ஒத்தை வழிக்கு உங்க 3 மீட்டர் போதும், எதிர் எதிரா ரெண்டு வண்டி போகாது. இடைவெளி குறையுற இடத்தை ஆபத்துப் பகுதியா குறிச்சு அங்க ரொம்ப மெதுவா ஓட்டணும், அதுல நடை நேரம் இன்னும் கூடும். 2024 ஜூன் 1லேர்ந்து திருத்தப்பட்ட பாதுகாப்புச் சட்டத்துல இடர் மதிப்பீடு முதலாளியோட கடமை. விக்கிறவர் குடுக்குற தாள் அதுக்குப் பதிலாகாது. கூட்ட நேரத்துல மூணு ஏஜிவியையும் சார்ஜுக்கு அனுப்பிட்டு ஃபோர்க்லிஃப்ட் மட்டும் ஓட்டுறதையும் யோசிங்க. ஆனா அதுக்கு ஓட்டுநர் வேணும், மறுபடி கணக்கு மாறும்.

மணி (ஷா ஆலம்)
வளைஞ்சு குடுக்குறதப் பத்தி யாருமே பேசல. வண்டிக்கு வழி காட்டத் தரையில காந்தப் பட்டை ஒட்டுற காலம் போயிடுச்சு. லேசர்ல ஓடுற வண்டிக்குக் கணினியில கோடு போட்டா வழி மாறிடும்.

தயா (பாயான் லெப்பாஸ்)
கோடு போடுறது பத்து நிமிஷம். அந்தக் கோட்டுல ஸ்கேனர் எவ்வளவு தூரம் பாக்கணும், சுமையோட நிக்க எவ்வளவு தூரம் வேணும்னு சோதிக்க ஒரு நாள் போகும். லேசர் வண்டி சுவரையும் ரேக்கையும் பாத்துதான் தான் எங்க இருக்குன்னு தெரிஞ்சுக்குது. மாசக் கடைசியில தரையெல்லாம் பேலட் அடுக்கி வச்சீங்கன்னா அதுக்குச் சுவரே தெரியாது, வழி தவறி நின்னுடும்.

இன்னொண்ணு சொல்றேன், இதுல நான் மூணு வாரம் தூங்கல. ஒரே வளைவுல வண்டி திரும்பத் திரும்ப நின்னுச்சு. ஸ்கேனர் கெட்டுப்போச்சுன்னு மாத்தினோம், அப்பவும் நின்னுச்சு. பதிவை எடுத்துப் பாத்தா சுமையோட போகும்போது மட்டும்தான், வெறும் வண்டி ஒருதடவை கூட நிக்கல. நேரா போய் வளைவுல உக்காந்துட்டேன். அங்க ஒரு பெரிய காத்தாடி. பேலட்டைச் சுத்தின பிளாஸ்டிக்கோட வால் ஒண்ணு தொங்கிட்டு இருந்துச்சு, காத்துல தூக்கி வண்டியோட பக்கவாட்டு ஸ்கேனர் முன்னாடி ஆடுச்சு. காத்தாடியைத் திருப்பி வச்சோம், வாலை ஒட்டிவிடச் சொன்னோம், அந்தப் பிரச்சினை தீர்ந்துபோச்சு. வாங்குறதுக்கு முன்னாடி உங்க பேலட்ல 50 எடுத்து, எத்தனைல வால் தொங்குது, எத்தனைல நடுப்பலகை உடைஞ்சிருக்குன்னு எண்ணுங்க.

சேகர், பட்டர்வொர்த்
தயா, உங்க கணக்கையே திருப்பிக் கேக்குறேன். அந்த 240 மீட்டரை நான் ரெண்டு நிமிஷத்துல போய் வருவேன், தூக்கி வைக்க ஒரு நிமிஷம். மணிக்கு 20 பேலட். ரெண்டு ஃபோர்க்லிஃப்ட்னா 40. குணாவோட கூட்ட நேரமே 35தான். அப்ப மூணாவது வண்டி இப்பவே எதுக்கு? ஏஜிவியே வாங்காம அதை நிறுத்தலாமே?

தயா (பாயான் லெப்பாஸ்)
சேகரண்ணே, இது எனக்குத் தோணியிருக்கணும். மூணாவது வண்டி இல்லாமலே முடியும்னா அந்த ரெண்டு ஓட்டுநரோட மிச்சம் ஏஜிவி கணக்குல சேராது. அப்புறம் நிக்கிறது ரெண்டு ஓட்டுநரும் ஒரு வண்டி வாடகையும்தான். பராமரிப்பைக் கழிச்சா வருஷம் 60,600. பத்து வருஷத்துக்கு மேல போயிடும். ஆனா 40 காகிதத்துலதான். லோரிகிட்ட காத்திருக்கிற நேரம் சேந்தா ரெண்டு வண்டில 35 வருமான்னு எனக்குச் சந்தேகம்.

பிறை குணா
மூணாவது வண்டி சும்மா நிக்கல அண்ணே. காலி பேலட்டும் குப்பை அட்டையும் அதுதான் எடுக்குது. ஆனா எவ்வளவு நேரம் எடுக்குதுன்னு நான் ஒருநாளும் எழுதி வச்சதில்ல. திங்கட்கிழமைலேர்ந்து ரெண்டு வாரம் அந்த மூணு வண்டி ஓட்டுநர்கள்கிட்டயும் ஒரு தாள் குடுத்து ஒவ்வொரு நடையையும் குறிக்கச் சொல்றேன். அதுவரைக்கும் கையெழுத்து வேணாம்னு பாஸ்கிட்ட இன்னைக்கே பேசிட்டு வந்தேன்.

மணி (ஷா ஆலம்)
ராத்திரி ஷிஃப்டையும் தனியா குறிங்க குணா. நான் சொன்ன 5 ஓட்டுநர் அதுலதான் நிக்குது.